முதலாம் தரத்தில் முதலாம் தவணை: வீட்டுப்பாடத்தை ஏன் குறைக்கிறோம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தவணை தொடங்கியதிலிருந்து வாசலிலும் தொலைபேசியிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இதே சந்தேகங்களைப் பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, முதலாம் தர வகுப்பாசிரியராக என் பதில்களைக் கீழே தருகிறேன். நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது வாசியுங்கள். மற்றப் பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன.

மிஸ், ஹோம்வேர்க்கை முழுசா நிப்பாட்டிட்டீங்களா?

இல்லை. பார்த்து எழுதும் வேலையைத்தான் நிறுத்தியிருக்கிறோம். "அ பத்து வரி, ஆ பத்து வரி", "1 முதல் 50 வரை எழுதி வா" என்பவை இந்தத் தவணையில் வீட்டுக்கு வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள், அல்லது ஒரு கதை சொல்லுங்கள். கையால் செய்யும் சின்ன வீட்டுவேலை ஒன்றையும் கொடுங்கள். என்ன வேலை என்பதை ஐந்தாவது பதிலில் எழுதியிருக்கிறேன்.

தவணையின் கடைசிப் பகுதியில் கிழமைக்கு இரண்டு நாள் கொப்பி வீட்டுக்கு வரும். அப்போதும் ஒரு வரிதான், அதுவும் வகுப்பில் பிள்ளை சரியாக எழுதிப் பழகிவிட்ட எழுத்து மட்டும்.

ஏன் முதலாம் தவணையில மட்டும்? குறைக்கிறதெண்டா வருஷம் முழுக்கக் குறைக்கலாமே?

வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் முதலாம் தரத்தில் சேரலாம். ஆகவே அந்த மாதம்தான் ஐந்து முடிந்த பிள்ளையும் ஆறைத் தொடப்போகும் பிள்ளையும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அதன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. இதைவிட, ஒரு மொண்டிசோரியில் எழுத்து எல்லாம் எழுதிப் பழக்கியிருப்பார்கள், இன்னொன்றில் பாட்டும் விளையாட்டும் மட்டும் இருந்திருக்கும். அதனால்தான் முதலாம் தரத்தின் தொடக்கக் கிழமைகளைப் பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகளுக்கென்றே ஒதுக்குகிறார்கள். யார் எந்தக் கையால் பென்சில் பிடிக்கிறார், யாருக்குச் சொன்னது விளங்குகிறது, யார் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார் என்று நாங்கள் பார்ப்பது அப்போதுதான். அது முடியுமுன் முப்பது பேருக்கும் ஒரே பக்கத்தை வீட்டுக்கு அனுப்பினால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது.

இரண்டாம் தவணையில் எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போது வீட்டுவேலை பயன் தரும்.

எழுத எழுதத்தானே கை பழகும்? வீட்டில எழுதாமல் எழுத்து எப்பிடி வரும்?

எழுதினால் கை பழகும் என்பது உண்மைதான். எப்படி எழுதுகிறதோ அப்படியே பழகிவிடும் என்பதுதான் சிக்கல். ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ட எழுதப் பென்சில் மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் போகும். அதே ஓட்டத்தில் மேலே ஏறினால் ப. ஏறிய இடத்திலேயே நிற்காமல் உள்ளே வளைந்து இறங்கினால் ம. ஒன்றில் கை கற்ற அசைவோடு இன்னொன்று சேர்ந்துதான் அடுத்த எழுத்து வருகிறது. இதற்காகவே இந்த எழுத்துகளை இந்த ஒழுங்கில் படிப்பிக்கிறோம்.

இப்போது ஒரு பிள்ளைக்கு "ப ஐந்து வரி" என்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் நடப்பதைச் சொல்கிறேன். முதல் வரியின் முதல் எழுத்தைப் பிள்ளை ஒழுங்காக எழுதும். பிறகு சீக்கிரம் முடிக்க ஒரு வழி கண்டுபிடிக்கும். வரி முழுக்க முதலில் இடப்பக்கக் கோடுகளை மட்டும் போடும். அடுத்து வலப்பக்கக் கோடுகள், அவற்றையும் மேலிருந்து கீழாக. கடைசியாக எல்லாவற்றுக்கும் அடிக்கோடு. பக்கத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, ஐம்பது ப அழகாக நிற்கும். அம்மாவும் சந்தோஷப்படுவார், நானும் சரி போட்டுவிடுவேன். ஆனால் அந்தப் பிள்ளை ப எழுதவே இல்லை, மூன்று கோடுகளைப் பொருத்தியிருக்கிறது. அடுத்த கிழமை ம படிப்பிக்கும்போது இது தெரியவரும். ப-வின் முடிவில் பென்சில் வலப்பக்க மேல்முனையில் நிற்க வேண்டும், உள்ளே வளைவது அங்கிருந்துதான். இந்தப் பிள்ளையின் பென்சிலோ அடிக்கோட்டில் நிற்கும். ஆகவே பென்சிலை எடுத்துத் தனியாக ஒரு வளைவைக் கொண்டுவந்து ஒட்டும். சொற்கள் எழுதத் தொடங்கும்போது அந்தப் பிள்ளை எப்போதும் மற்றவர்களுக்குப் பிந்தும். கை நோகிறது என்றும் சொல்லும்.

முடிந்த பக்கத்தில் எழுத்தின் வடிவம் மட்டும்தான் தெரியும், பென்சில் போன வழி தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் எழுதும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வகுப்பில் அதைச் செய்கிறோம். முதலில் காற்றில் விரலால், பிறகு கரும்பலகையில் பெரிதாக, பிறகு கொப்பியில் நாலைந்து எழுத்து. வழி பிழைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துகிறோம். ஐம்பது தரம் பிழையாக எழுதிப் பழகிய கையைத் திருத்துவது புதிதாகப் படிப்பிப்பதைவிடக் கடினம். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் சில இந்த வயதில் இன்னும் முழு எலும்பாகவே ஆகியிருக்காது, விரல் தசைகளும் நீண்ட நேரம் தாங்காது. அதனால் ஐந்தாவது வரியில் எழுத்து கோணுவதைக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். கை களைத்துவிட்டது.

மகள் மொண்டிசோரியிலேயே பக்கம் பக்கமா எழுதினவ. இப்ப பின்னுக்குப் போயிருவாவே?

போகமாட்டா. ஆனால் வீட்டில் ஒருமுறை இதைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் ப, ம, அ எழுதச் சொல்லுங்கள். தாளைப் பார்க்க வேண்டாம், பென்சில் நுனியைப் பாருங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே எடுத்து மறுபடி வைக்கிறது என்று கவனியுங்கள். அ-வைச் சுழியில் தொடங்காமல் வலப்பக்கத்து நிமிர்ந்த கோட்டில் தொடங்கினால், அவவுக்கு எழுத்து ஒரு படமாகத்தான் மனதில் இருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளைகளில் பலர் இப்படித்தான் வருகிறார்கள்.

வழியும் சரியாக இருந்தால் நல்லது, வகுப்பில் அவவுக்கு வேறு வேலை கொடுப்போம். படம் வரைந்து கீழே பெயர் எழுதலாம், பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். அதற்காக வீட்டுக்குக் கூடுதல் பக்கம் அனுப்பத் தேவையில்லை.

அப்ப பின்னேரம் முழுக்க என்ன செய்யிறது? ஹோம்வேர்க் இல்லாட்டி டிவிக்கு முன்னாலதான் இருப்பான்.

முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஆறு மணிக்கு வான் வருமென்றால் வத்தளையிலோ தெஹிவளையிலோ இருக்கும் பிள்ளை ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணித்தியாலம் நித்திரை வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. வகுப்பு 11.30 மணிக்கு விட்டாலும், எல்லாரையும் இறக்கிவிட்டு வான் வீட்டுக்கு வர ஒரு மணி ஆகலாம். மதியம் ஒன்றரை மணித்தியாலம் படுத்தாலும் இரவு எட்டு மணிக்கு நித்திரைக்குப் போனால்தான் கணக்குச் சரிவரும். காலி வீதி நெரிசலில் அம்மாவும் அப்பாவும் வீடு வர ஆறரை, ஏழு. சமைத்துச் சாப்பிட்டுக் கொப்பியை எடுக்கும்போது எட்டு மணி. இதுவரை வீட்டுப்பாடம் பிள்ளையின் நித்திரை நேரத்தில்தான் நடந்திருக்கிறது. ஆகவே நீங்கள் நினைக்கிற அளவுக்கு மிச்ச நேரம் இல்லை.

இருக்கும் நேரத்தில் விரல்களுக்கு வேலை கொடுங்கள். உள்ளி உரிக்கட்டும், முருங்கையிலை உருவட்டும், கௌபியில் கல் பொறுக்கட்டும், ரொட்டிக்கு மா குழைக்கட்டும். உடுப்புக் காயப்போடும்போது கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டட்டும். பென்சில் பிடிக்கப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். உள்ளியின் தோலை நகத்தால் கிளப்பி இழுக்கும்போதும் கிளிப்பைத் திறக்கும்போதும் வேலை செய்வது அதே மூன்று விரல்கள். பள்ளிச் சட்டையின் பட்டனைத் தானே போட விடுவதும் இதில் சேரும். காலையில் அவசரம் என்றால் பின்னேரம் கழற்றும்போதாவது விடுங்கள். பிளாட்டில் இருப்பவர்கள் பல்கனிச் சுவரில் பழைய பெயின்ட் பிரஷைத் தண்ணீரில் தோய்த்துப் பெரிய பெரிய எழுத்து எழுத விடலாம். தோளும் முழங்கையும் சேர்ந்து அசையும், காய்ந்தால் சுவரும் சுத்தம்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறம். பிள்ளை அம்மம்மாவோடதான். அவவுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாதே.

அம்மம்மாவிடம் கதை இருக்கிறதல்லவா, எங்களுக்கு அதுதான் வேண்டும். ஒரு கதையை நாலு நாள் தொடர்ந்து சொல்லச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் பிள்ளை சொல்லட்டும், அம்மம்மா கேட்கட்டும். முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, ஏன் அப்படி என்று ஒழுங்காகச் சொல்ல வருகிற பிள்ளைக்குப் பின்னர் வாசித்ததை விளங்கிக்கொள்வது சுலபம்.

இரண்டு விஷயங்களை மட்டும் அவவிடம் சொல்லிவையுங்கள். பிள்ளை இடக்கையால் எழுதினால் கையை மாற்ற வேண்டாம். மற்றது, எழுத்துக் காட்டிக் கொடுப்பதை வகுப்புக்கு விட்டுவிடட்டும். அவர் வயதில் பலர் இலை, தலை, பனை, யானை என்ற சொற்களில் கடைசி எழுத்தை மேலே தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் எழுதுவார்கள். அது அவர்கள் படித்த எழுத்து, அதில் பிழை இல்லை. ஆனால் இன்றைய பாடநூலில் இருப்பது வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பிள்ளை குழம்பிவிடும்.

அடுத்த ஸ்கூல்ல ஒவ்வொரு நாளும் நாலு பக்கம் குடுக்கினம். ஸ்கொலஷிப் வரேக்க எங்கட பிள்ளை பின்தங்காதா?

புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல் வருகிறது. அதற்கு முன் இன்னும் நான்கு வருடங்கள் இருக்கின்றன. அந்த வினாத்தாள்களில் பிள்ளையைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் வாசிப்பு வேகம். கேள்வியை ஒரு தடவை வாசித்ததும் விளங்கும் பிள்ளைக்கு யோசிக்க நேரம் மிஞ்சுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு வாசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. முதலாம் தரத்தில் பார்த்து எழுதிய பக்கங்களால் அந்த வேகம் வராது. பார்த்து எழுதும்போது எழுத்தின் ஒலியை நினைக்கத் தேவையே இல்லை, அதனால் ஒரு சொல்லைப் பத்துத் தரம் எழுதிவிட்டு அதை வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆய்வுகளைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987 முதல் 2003 வரை அந்நாட்டில் நடந்த வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு 7ஆம் வகுப்பிலிருந்து மேலே தெளிவாகவும், அதற்குக் கீழே மிக மெலிதாகவும் இருந்தது. சின்ன வகுப்பில் வீட்டுப்பாடமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே ஆசிரியர்கள் சொல்லும் ஒரு பொது அளவு, வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது. முதலாம் வகுப்பென்றால் பத்து நிமிடம். நாங்கள் கேட்பதும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான், அதை எழுத்தில் செலவழிக்காமல் வாசிப்பில் செலவழிக்கச் சொல்கிறோம்.

அப்பிடியெண்டா ரியூசனுக்கு விடட்டா? அங்கயாவது எழுதிப் பழகட்டும்.

இந்தத் தவணையில் வேண்டாம். மூன்றாம் பதிலில் சொன்ன சிக்கல் அங்கே இன்னும் கூடும். பிள்ளைக்கு ப எழுத மூன்றாவதாக ஒருவர் இன்னொரு வழி காட்டுவார், நித்திரைக் கணக்கிலிருந்தும் ஒரு மணித்தியாலம் போகும்.

வீட்டில நாங்க இங்கிலிஷ்தான் கதைக்கிறம். கீழ் வீட்டுப் பிள்ளைகளோட சிங்களம். தமிழ் கொப்பியில எழுதினா மட்டும்தான் இருந்துது, அதையும் எடுத்திட்டீங்களே?

கொழும்பில் இது பல வீடுகளின் நிலைமை, நியாயமான பயமும்கூட. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவது எழுத்துப் பயிற்சி இல்லை, காதில் விழும் தமிழ்தான். "பழம்" என்ற சொல்லைத் தெரியாத பிள்ளை அதை எத்தனை தரம் எழுதினாலும் அது கோடுகளாகத்தான் இருக்கும். ல, ழ, ள மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கும் பிள்ளைக்கு எங்கே எதைப் போடுவது என்று எழுதி எழுதி விளங்காது. அந்தச் சொற்களை நிறையத் தரம் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர், தினமும் ஒரே நேரத்தில், தமிழில் மட்டும் கதையுங்கள். குளிக்கவைக்கும் நேரம் நல்லது. கை, கால், முழங்கால், சவர்க்காரம், வாளி, துவாய் என்று சொற்கள் தானாக வரும். பிறகு ஒலி விளையாட்டு விளையாடலாம். "ம-வில் தொடங்கும் சாமான் ஒன்று சொல்லு" என்று கேளுங்கள். மாம்பழம், மேசை, மீன் எல்லாமே சரி. சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு சீக்கிரம் வரும். இதற்குக் கொப்பியும் தேவையில்லை.

நாங்க நிப்பாட்டினாலும் அவன் விடுறான் இல்ல. கொப்பி தா, எழுதப் போறன் எண்டு அழுறான். குடுக்கிறதா?

தாராளமாகக் கொடுங்கள். கோடு போடாத தாளாகக் கொடுங்கள். தன் பெயர், தங்கச்சியின் பெயர், கடைக்குப் போகும்போது வாங்க வேண்டிய சாமான் என்று அவனுக்குத் தேவையானதை எழுதட்டும். "தக்காளி"யைத் "தகாளி" என்று எழுதினால் திருத்த வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய் அந்தத் துண்டைப் பார்த்தே வாங்குங்கள். ஒலியைக் கேட்டுத் தானே எழுத்தைத் தேடியிருக்கிறான், அது பெரிய காரியம். வகுப்பில் அந்த மெய்யெழுத்து வரும்போது அவனே திருத்திக்கொள்வான். கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். களைத்தால் நிறுத்தட்டும், பக்கத்தை முடிக்கச் சொல்லாதீர்கள்.

எழுத்து வேலை வீட்டுக்கு வராட்டி, பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை இருந்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கொப்பியில் தெரிவதைவிட வேறு இடங்களில்தான் முதலில் தெரியும். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, டிவிக்குக் கிட்டப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரே தடவையில் சொன்ன இரண்டு வேலைகளில் எப்போதும் ஒன்றை மறப்பது, சட்டை பட்டனும் சாப்பாட்டுப் பெட்டி மூடியும் மாதக்கணக்கில் திறக்க வராமல் இருப்பது. இவற்றில் ஏதாவது இருந்தால் பெற்றோர் கூட்டம் வரை காத்திருக்காமல் எனக்குச் சொல்லுங்கள். முதலாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும், ஆனால் அது வருடத்தில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கண்ணையும் காதையும் முன்கூட்டியே காட்டுவது நல்லது.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது, 3-ஐ மறுபக்கம் பார்க்க வைப்பது, ன-வையும் ண-வையும் மாற்றுவது எல்லாம் இந்த வயதில் சாதாரணம். இவற்றுக்காக இப்போது பயப்பட வேண்டாம். இரண்டாம் தரத்திலும் குறையாமல் தொடர்ந்தால் அப்போது பேசுவோம்.

சரி மிஸ், அப்ப எப்ப திரும்பக் கூட்டுவீங்க?

திகதி வைத்துக் கூட்டமாட்டோம், பிள்ளையைப் பார்த்துக் கூட்டுவோம். நாங்கள் பார்ப்பது மூன்றை. படிப்பித்த எழுத்துகளைப் பார்க்காமல், சரியான வழியில் எழுதுகிறதா? அந்த எழுத்துகள் சேர்ந்த புதிய சொல்லை, முன்பு காணாத சொல்லாக இருந்தாலும், வாசிக்கிறதா? ட, ப, ம் தெரிந்த பிள்ளைக்குப் "படம்" என்று எழுதிக் காட்டினால் போதும், இது தெரிந்துவிடும். மூன்றாவது, நாலைந்து நிமிடம் எழுதியும் பென்சில் பிடி மாறாமல் இருக்கிறதா? மூன்றும் வந்த பிள்ளைக்கு இரண்டாம் தவணைத் தொடக்கத்திலிருந்து கிழமைக்கு மூன்று நாள் அரைப் பக்கம் வரும். வராத பிள்ளைக்கு வகுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் கொடுப்போம், வீட்டுக்கு அனுப்பமாட்டோம். அதனால் ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையின் பையில் கொப்பி இருக்கும், இன்னொரு பிள்ளையின் பையில் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் ஒப்பிட்டுக் கேட்காமல் உங்கள் பிள்ளையைப் பற்றி என்னிடம் நேரே கேளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு விட்டதும் பன்னிரண்டரை வரை வகுப்பறையில்தான் இருப்பேன்.